பனங்கிழங்கு நார் காட்டிக்கொடுத்த பல்

தை மாதம். அம்மம்மா அவித்த பனங்கிழங்கைத் தின்றுவிட்டு, இடப்பக்கக் கீழ்க் கொடுப்புக்குள் நார் சிக்கிவிட்டது என்று மகள் அழுதாள். அவளுக்கு அப்போது ஆறரை வயது. டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். நார் சிக்கியிருந்த பாற்பல் மட்டும் இருபக்கப் பற்களைவிடத் தாழ்ந்து, பள்ளத்தில் இருந்தது. சொத்தையுமில்லை, வலியுமில்லை.

முதலில் காட்டிய இடத்தில் "பாற்பல்தானே, பிடுங்கிவிடலாம்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்னொரு பல் வைத்தியரிடம் போனோம். அவர் கண்ணாடிக் கருவியின் பிடியால் பற்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டி, "பிள்ளை, எந்தப் பல் வேறு மாதிரிச் சத்தம் போடுகிறது?" என்று மகளிடமே கேட்டார். மற்றவை மந்தமாக ஒலித்தன. தாழ்ந்த பல் மட்டும் கல்லில் தட்டியதுபோல் கணீரென்றது. பல்வேருக்கும் எலும்புக்கும் இடையில் மெத்தைபோல ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அது ஓரிடத்தில் இல்லாமல் போய், வேர் எலும்போடு ஒட்டிவிட்டால் இந்த ஒலி வரும். ஒட்டிய இடம் சிறிதாக இருந்தால் ஒலி மாறாமலும் இருக்கலாம், ஆகவே தட்டிப் பார்ப்பதை மட்டும் நம்ப முடியாது என்றும் அவர் சொன்னார்.

அந்தப் பல் உண்மையில் கீழே இறங்கவில்லை. வீதியைத் திரும்பத் திரும்ப உயர்த்திப் போட, பழைய வீட்டு முற்றம் பள்ளமாகிப்போவதை எங்கள் ஊரில் பார்க்கிறோமே, அதே கதைதான். தாடை எலும்பும் பக்கத்துப் பற்களும் வளர்ந்து மேலே வர, ஒட்டிய பல் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எக்ஸ்ரேயில் அதற்கு அடியில் நிரந்தரப் பல்லின் கரு இருந்தது. அது இருந்தால் பெரும்பாலும் பாற்பல் தானாகவே விழும், சில மாதம் பிந்தலாம். அது இல்லாவிட்டால்தான் கணக்கு மாறும். பள்ளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும் என்றார்.

நான் எழும்பப் போனேன். வைத்தியர் எக்ஸ்ரேயை விடவில்லை. மேல் இடப்பக்கத்தில், ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கொடுப்புப் பல் நேராக வராமல் முன்பக்கம் சரிந்து, கடைசிப் பாற்பல்லின் இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்பாதி மட்டும் முரசுக்கு வெளியே தெரிந்தது. பாற்பல்லின் வேர் ஒரு பக்கம் அரிபட்டிருந்தது. கீழ்ப் பல்லுக்காகப் போன எங்களுக்கு இதுதான் பெரிய செய்தி. இந்த இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வருவது அபூர்வமில்லையாம்.

இப்படி மாட்டும் பற்களில் பாதிக்கு மேல் தாமாகவே விலகி நேராகிவிடும். ஆனால் ஏழு வயதுக்குப் பிறகு அந்த நம்பிக்கை குறைவு. எனவே மூன்று மாதம் பொறுத்தோம். மாதம் ஒருமுறை, கரண்டியால் கன்னத்தை விலக்கி, ஒரே கோணத்தில் கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன். புதிதாக ஒரு மேடு தெரிகிறதா என்பதுதான் கேள்வி. சித்திரையிலும் அதே பின்பாதிதான். வலப்பக்கப் பல்லோ முழுதாக முளைத்து நின்றது.

பிறகு வளையம். இரண்டு பல்நூல் துண்டுகளால் நீலநிற ரப்பர் வளையம் ஒன்றை இழுத்து, இரு பற்களுக்கும் இடையில் நுழைத்தார். மகளுக்கு அன்றிரவு இடியப்பம்கூட இறங்கவில்லை. நான்காம் நாள் வளையத்தைக் காணோம். விழுங்கிவிட்டாளோ என்று நான் பதறினேன். வைத்தியரோ, விழுங்கினால் பெரும்பாலும் பயமில்லை, முரசுக்குள் நழுவிப் புதைந்திருந்தால்தான் ஆபத்து என்று அந்த இடத்தைத் தேடிப் பார்த்தார். அங்கே இல்லை. வேறொன்று போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வோர் இரவும் நீலம் தெரிகிறதா என்று பார்ப்பது என் வேலையாயிற்று. இரு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினார். வளையம் நுழைய இடமில்லாவிட்டால் பித்தளைக் கம்பி கட்டியிருப்பாராம்.

ஆறாவது வாரம் பல் பிடி விலகிப் பின்னால் நகர்ந்தது. ஆனி மாதப் படத்தில் முன்மேடுகள் இரண்டும் தெரிந்தன. அரிபட்ட பாற்பல் ஆடவில்லை, அதனால் அதைத் தொடவில்லை. அது முன்கூட்டியே விழுந்தால் பின்பல் முன்னால் நகர்ந்து, பின்னர் வரவேண்டிய பல்லின் இடத்தை எடுத்துவிடும். அப்படி நடந்தால் இடத்தைக் காக்கும் கம்பி போட வேண்டும்.

கீழ்ப் பல்லை ஆடியில் அளந்தபோது ஒன்றரை மில்லிமீற்றர். பக்கத்துப் பற்கள் அதன் மேல் சாயத் தொடங்கினால், அல்லது இந்தப் பல்லின் மேற்பரப்பு, பற்கள் வழமையாக ஒன்றையொன்று தொடும் மட்டத்துக்குக் கீழே போனால், அன்றைக்குத்தான் பிடுங்கும் பேச்சு. அடுத்த அளவு தையில். பனங்கிழங்கும் அப்போது வந்துவிடும்.