எதிலிருந்து விலகுகிறீர்கள்?

சிங்கப்பூரில் ஒரு சிக்கன, கடன் கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். நிர்வாகக் குழுத் தேர்தல் வரும்போதெல்லாம் தேர்தல் அதிகாரிக்கு உதவியாக உட்காருவது என் பொறுப்பு. வேட்புமனு வாங்குவது, முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் சங்க உறுப்பினர்தானா என்று பார்ப்பது எல்லாம் பழகிவிட்டால் எளிது. வேட்புமனுவை மீட்டுக்கொள்ள ஒருவர் வரும்போதுதான் ஒவ்வொரு சொல்லையும் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு வருடம் 5 இடத்துக்கு 6 பேர் நின்றார்கள். எங்கள் துணைவிதிப்படி மனுவை மீட்டுக்கொள்ள வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வரை நேரம். திங்கட்கிழமை வாக்குச்சீட்டு அச்சுக்குப் போகும். அந்த வெள்ளி 4.20-க்கு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அண்ணன் ஒருவர் வேலை உடையோடு வந்தார். மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது; வாரம் மூன்று நாள் கூடப் போக வேண்டும். "தலைவர்கிட்ட போன்லயே சொல்லிட்டேன்மா, இருந்தாலும் எழுதிக் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

எழுதிக் கொண்டுவந்தாரே, அதுதான் நல்லதாகப் போயிற்று. அதற்கு முந்தைய தேர்தலில் ஒருவர் தலைவரிடம் வாய்மொழியாகச் சொன்னதோடு விட்டுவிட்டார். தலைவர் தேர்தலை நடத்துபவர் இல்லை. சில சமயம் அவரே வேட்பாளராகவும் இருப்பார். தேர்தல் அதிகாரி கையில் கடிதம் எதுவும் இல்லாததால் வாய்மொழியாகச் சொன்னவரின் பெயர் சீட்டில் அச்சாகி, அவர் ஜெயித்தும் விட்டார். பிறகு குழு உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. அந்தக் கடிதம் தேர்தல் அதிகாரிக்கு அல்ல, குழுவுக்குப் போவது. காலியான இடத்தைப் பிறகு குழுவே நிரப்பியது. அவருக்கு விழுந்த ஓட்டெல்லாம் வீணாயிற்று என்று எனக்கு இன்றும் வருத்தம்.

தேர்தல் அதிகாரி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சங்கத்தின் எந்தப் பொறுப்பிலும் இல்லாதவர். அண்ணனின் கடிதத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார்: "குடும்பச் சூழ்நிலை காரணமாக நான் சங்கத்திலிருந்து விலகிக்கொள்கிறேன்."

"இதுல எதுலேருந்து விலகுறீங்க?" என்று கேட்டார்.

"எலக்சன்லேருந்துதான் சார்."

"சங்கத்திலிருந்துன்னு எழுதியிருக்கீங்களே."

எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. இதை அப்படியே கோப்பில் போட்டால் உறுப்பினர் பதவியையே விடுவதாக யாராவது படிக்கலாம். அவர் இரண்டு பேர் கடனுக்குப் பிணை நின்றிருந்தார். உறுப்பினர் விலகினால் பங்குத்தொகையைத் திருப்புவது, சேமிப்புக் கணக்கை முடிப்பது, பிணைக்கு வேறு ஆள் தேடுவது என்று அந்தக் கடிதம் வேறு ஒரு மேசைக்கு வேறு வேலையாகப் போயிருக்கும். விலகுதல் என்ற ஒரே சொல்லை தமிழில் நாம் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்கிறோம்.

கோடு போட்ட தாள் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அவர் தன் கைப்படத் திரும்ப எழுதியது இது: "பெறுநர்: தேர்தல் அதிகாரி. நிர்வாகக் குழு உறுப்பினர் பதவிக்கு நான் தாக்கல் செய்த வேட்புமனுவை மீட்டுக்கொள்கிறேன். என் சங்க உறுப்பினர் பதவி தொடரும்." கீழே பெயர், உறுப்பினர் எண், தேதி, கையெழுத்து. காரணம் எழுதத் தேவையில்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். அது சரியென்றே எனக்கும் படுகிறது. மனைவியின் நோய் எங்கள் கோப்பில் கிடக்க வேண்டாம்.

கையெழுத்து ஆனதும் அதிகாரி என்னைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார். இவர் போனால் மிச்சம் 5 பேர், இடமும் 5. போட்டியே இருக்காது. ஒரு கடிதத்தால் மற்ற ஐவரும் போட்டியின்றித் தேர்வாகிவிடுவார்கள் என்றால், அதை எழுதச் சொல்லி யாராவது நெருக்கினார்களா என்று தனியாகக் கேட்டுவிட வேண்டும் என்பது அவர் பழக்கம். மீட்டுக்கொண்டபின் மனதை மாற்றிக்கொள்ள எங்கள் விதியில் இடமில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுவார். இரண்டு நிமிடத்தில் கதவு திறந்தது. "அவரே முடிவு பண்ணதுதான். நேரம் போடு" என்றார்.

பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, 4.50 என நேரம் போட்டேன். அதிகாரி பக்கத்தில் கையெழுத்திட்டார். ஒரு நகல் எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "பிணை நின்னதுக்கு ஒன்னும் ஆகாதேம்மா?" என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, கடைசி வரியைப் பாருங்கள் என்றேன். பிரித்து இன்னொரு முறை படித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

5 மணி அடித்ததும் அறிவிப்புப் பலகையில் ஐந்து பெயரையும் ஒட்டினோம். பிறகு அச்சகத்துக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை சீட்டு அடிக்க வேண்டாம் என்று சொன்னேன்.