பதினோராவது கணக்கு

மார்ச் 3
மாணவன் ஒருவனின் தசமக் கணக்குத் தாளில் இருபது கணக்குகளில் ஒன்பது தவறு. தாளின் மேல் 'கவனக்குறைவு' என்று எழுதப் போனவள், 0.8 + 0.5 = 0.13 என்ற விடையைக் கண்டதும் பேனாவை மூடிவிட்டேன்.

மார்ச் 4
தவறுகளை மட்டும் தனித்தாளில் எடுத்து எழுதினேன். 0.35, 0.7 ஆகியவற்றில் பெரியது 0.35 என்கிறான். 0.7, 0.8, 0.9 என்ற வரிசையில் அடுத்தது 0.10 என்கிறான். 2.7 + 1.15-க்கு விடை 3.22. புள்ளிகளை நேர்ப்படுத்தாமல் வலது ஓரத்தை ஒட்டி எழுதிக் கூட்டியிருப்பான் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் அப்படிக் கூட்டினால் 27-உம் 115-உம் சேர்ந்து 1, 4, 2 என்ற இலக்கங்கள் வந்திருக்கும். 22 வர வேண்டுமானால் 7-ஐயும் 15-ஐயும் கூட்டியிருக்க வேண்டும். புள்ளி அவனுக்கு ஒரு வேலி. இடப்பக்கம் ஒரு முழு எண், வலப்பக்கம் இன்னொரு முழு எண்.

மார்ச் 5
இன்று சரியான விடைகளையும் பார்த்தேன். இதை நேற்றே செய்திருக்க வேண்டும். 0.62 > 0.48, 0.4 + 0.3 = 0.7 போன்றவை வேலிக் கணக்குப்படியும் சரியாகவே வரும். சரியான பதினொன்றில் பத்து அப்படிப்பட்டவை. அவை அவனுக்குத் தசமம் தெரியும் என்பதற்குச் சான்றாகா. இடிப்பது பதினோராவது கணக்கு மட்டும்: 1.9 + 0.4 = 2.3. என் ஊகப்படி 1.13 வந்திருக்க வேண்டும்.

மார்ச் 6
பதினோராவது கணக்கு.

மார்ச் 8
இன்னொரு ஐயமும் உண்டு. இலக்கங்கள் அதிகமாக இருந்தால் எண் பெரியது என்று மட்டும் அவன் நினைத்திருந்தாலும் 0.35-ஐத்தான் பெரியது என்பான். 4.05, 4.6 என்ற இணை இரண்டையும் பிரித்துக் காட்டும்: நீளத்தைப் பார்ப்பவன் 4.05 என்பான், 05-ஐ ஐந்தாக வாசிப்பவன் 4.6 என்று சரியாகவே சொல்வான். அடுத்து 4.12, 4.6. என் கணிப்புகளை முன்கூட்டியே எழுதி மடித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 9
முதலாவதற்கு 4.6, இரண்டாவதற்கு 4.12. கணித்தபடியே. வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன்: "நான்கு புள்ளி பன்னிரண்டு." வகுப்பில் அவசரத்தில் நானும் அப்படி வாசித்திருக்கிறேன் என்பது இரவெல்லாம் உறுத்துகிறது.

மார்ச் 10
வினாத்தாளை மீண்டும் எடுத்தேன். எல்லாக் கூட்டல்களும் பக்கவாட்டில் இருக்க, பதினோராவது மட்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக, புள்ளிக்கு நேர் புள்ளியாக அச்சாகியிருக்கிறது! அங்கே அவன் புள்ளியைப் பொருட்படுத்தவில்லை. வழக்கம்போல் வலமிருந்து கூட்டி, மீதியை அடுத்த நிரலுக்குக் கொண்டுபோயிருக்கிறான்.

மார்ச் 11
0.8 + 0.5-ஐ இரண்டு விதமாகவும் கொடுத்தேன். பக்கவாட்டில் 0.13, கீழ்மேலாக 1.3. இரண்டையும் அருகருகே வைத்து எது சரி என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ரெண்டுமே சரிதான் டீச்சர். அது வேற கணக்கு, இது வேற கணக்கு."