வலப்பக்கத்தின் குறியைக் கேளாமல் வர்க்கப்படுத்திய கணக்கு

பதினோராம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், மட்டு மதிப்பு வரும் அசமன்பாடுகளுக்கு நான் ஒரே வழியைத்தான் சொல்லிக் கொடுத்தேன். இருபுறமும் வர்க்கப்படுத்தினால் மட்டுக்குறி போய்விடும், எஞ்சுவதைக் காரணிப்படுத்தி எண்கோட்டில் குறி பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்பேன். மாணவர்களுக்கு அது பிடித்திருந்தது. மட்டுக்குறிக்குள் இருப்பது மிகை எண்ணா குறை எண்ணா என்று வகைபிரித்து எழுதும் நீண்ட முறையைக் காட்டிலும் அது குறுகியதாக இருந்ததே அதற்குக் காரணம். அந்த வழி எங்கே பாதுகாப்பானது, எங்கே இல்லை என்பதை ஓர் அலகுத் தேர்வில் நானே தயாரித்த விடைக்குறிப்பின் தவற்றிலிருந்துதான் தெளிவாகக் கற்றுக்கொண்டேன்.

மூன்று மதிப்பெண் வினாவாக நான் கொடுத்த கணக்கு இது: |x − 3| > 2x என்பதைத் தீர்க்க. விடைக்குறிப்பில் நான் எழுதிய படிகளை அப்படியே தருகிறேன்.

```
(x − 3)² > (2x)²
x² − 6x + 9 > 4x²
x² + 2x − 3 < 0
(x + 3)(x − 1) < 0
−3 < x < 1
```

விடையைச் சரிபார்க்காமலும் நான் விடவில்லை. x = 0 எனில் 3 > 0, சரி. x = −2 எனில் 5 > −4, அதுவும் சரி. வகுப்பில் பெரும்பாலானோர் நான் கற்பித்தபடியே செய்து இதே விடையை எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் x < 1 என்று எழுதியிருந்தாள். இடது எல்லையை விட்டுவிட்டாள் என்று கருதி மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

மறுநாள் அவள் விடைத்தாளுடன் ஆசிரியர் அறைக்கு வந்தாள். "சார், மைனஸ் பத்து போட்டுப் பார்த்தேன். சரியாத்தான் வருது. அப்புறம் ஏன் தப்புன்னு போட்டிருக்கீங்க?" என்றாள். அவள் விடைத்தாளின் ஓரத்திலேயே நான் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் |−13|, அதாவது 13. வலப்பக்கம் −20. பதின்மூன்று, மைனஸ் இருபதைவிடப் பெரிதுதான். ஆனால் −10 என் விடையின் இடைவெளிக்குள் இல்லை. என் படிகளில் கூட்டலிலோ காரணிப்படுத்துவதிலோ பிழை எதுவும் இல்லை. முதல் வரியே தவறாக இருந்தது.

அந்த முதல் வரியை நியாயப்படுத்தும் விதி மிகச் சிறியது. a, b இரண்டும் குறை எண்களாக இல்லாதபோது, a > b என்பதும் a² > b² என்பதும் ஒன்றே. ஏனெனில் a² − b² என்பது (a − b)(a + b); a + b மிகை எண்ணாக இருக்கும்வரை, இந்தப் பெருக்கற்பலனின் குறியை a − b மட்டுமே முடிவு செய்கிறது. b குறை எண்ணாகும்போது அந்த உறுதி போய்விடுகிறது. மாணவி எடுத்த எண்ணிலேயே இதைக் காணலாம். 13 > −20 என்பது உண்மை. வர்க்கப்படுத்திய பின் அது 169 > 400 என்றாகிப் பொய்யாகிறது. x = −10 என்ற சரியான தீர்வை என் முதல் வரியே வெளியே தள்ளிவிட்டது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, நான் செய்த சரிபார்ப்பு ஏன் பிழையைக் காட்டவில்லை என்பதுதான். வர்க்கப்படுத்தினால் பொருந்தாத தீர்வுகள் நுழைந்துவிடும், ஆகவே விடையைப் பிரதியிட்டுப் பார்க்க வேண்டும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். இதே கணக்கின் குறியைத் திருப்பி |x − 3| < 2x என்று கொடுத்தால் அந்த எச்சரிக்கை சரியாக வேலை செய்யும். வர்க்கப்படுத்தினால் x < −3 அல்லது x > 1 என்று வரும். முதற்பகுதியிலிருந்து −4 ஐப் பிரதியிட்டால் 7 < −8 என்று வந்து பொய் உடனே வெளிப்படும். சரியான விடை x > 1 மட்டுமே. ஆனால் ‘பெரிது’ என்ற குறி வரும் கணக்கில் நடப்பது நேர்மாறானது. அங்கே வர்க்கப்படுத்துவது புதிய தீர்வு எதையும் நுழைப்பதில்லை, இருக்கும் தீர்வுகளைத்தான் தொலைக்கிறது. கையில் எஞ்சிய தீர்வுகள் எல்லாமே உண்மையானவை என்பதால், அவற்றுள் எதைப் பிரதியிட்டாலும் சரியென்றே வரும். பிழையைக் காண விடைக்கு வெளியே உள்ள ஓர் எண்ணை எடுத்து, அது அசமன்பாட்டை நிறைவு செய்யாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாணவி செய்தது அதைத்தான். நான் செய்யாததும் அதுதான்.

அன்று மாலை இதை வரைபடமாக வரைந்து பார்த்தபோது காரணம் இன்னும் தெளிவாயிற்று. y = |x − 3| என்பது x = 3 இல் முனை கொண்ட V வடிவம்; y = 2x என்பது ஆதிப்புள்ளி வழியே ஏறும் நேர்கோடு. இரண்டும் (1, 2) என்ற ஒரே புள்ளியில்தான் வெட்டுகின்றன. அதற்கு இடப்புறம் முழுவதும் V மேலேயும் கோடு கீழேயும் இருக்கின்றன. அப்படியானால் என் விடையில் இருந்த −3 எங்கிருந்து வந்தது? y = 2x என்ற கோட்டின் இடது பாதி x அச்சுக்குக் கீழே இருக்கிறது. அதை மேலே மடித்து y = |2x| என்று வரைந்தால், மடிந்த பகுதி V ஐ (−3, 6) இல் வெட்டுகிறது. √(x²) = |x| என்று நாம் வாய்ப்பாடாகச் சொல்வதன் பொருள் இங்கே கண்முன் நிற்கிறது. வலப்பக்கத்தை வர்க்கப்படுத்திய அந்தக் கணமே அதற்கும் மட்டுக்குறி போட்டவர்களாகிறோம். நான் தீர்த்தது |x − 3| > |2x| என்ற வேறொரு கணக்கு. அதற்கு −3 < x < 1 என்பது மிகச் சரியான விடை.

மறுநாள் வகுப்பில் அந்த வினாவுக்கான மதிப்பெண்களை எல்லோருக்கும் திருத்தினேன். அவர்கள் எழுதியது நான் கற்பித்த வழி என்பதால், அதே படிகளை எழுதியவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. பிறகு கணக்கைப் பலகையில் மீண்டும் போட்டோம். வர்க்கப்படுத்தும் முன் வலப்பக்கத்தின் குறியைக் கேட்க வேண்டும். 2x குறை எண்ணாக இருக்கும் பகுதி, அதாவது x < 0, முழுவதும் கணக்கின்றியே தீர்வுதான். ஏனெனில் மட்டு மதிப்பு ஒருபோதும் குறை எண் ஆகாது. x ≥ 0 எனும் பகுதியில் இருபுறமும் குறை எண் இல்லை என்பதால் வர்க்கப்படுத்தலாம். அங்கே −3 < x < 1 என்பதிலிருந்து 0 ≤ x < 1 மட்டும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் x < 1. ‘சிறிது’ என்ற குறி வந்தால், வலப்பக்கம் குறை எண்ணாகும் பகுதியில் தீர்வே இல்லை என்று அதை முழுதாக நீக்கிவிட்டு, எஞ்சிய பகுதியில் மட்டும் வர்க்கப்படுத்த வேண்டும்.

வலப்பக்கத்தில் மட்டுக்குறி இல்லாத கணக்குகளுக்கு வர்க்கம் தேவையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். |A| > B என்பது, B எந்தக் குறி உடையதாக இருந்தாலும், A > B அல்லது A < −B என்பதற்குச் சமம். எங்கள் கணக்கில் முதலாவது x < −3 என்றும் இரண்டாவது x < 1 என்றும் தந்து, சேர்ந்து x < 1 ஆகிவிடும். வர்க்கப்படுத்திப் பெற்ற விடையைச் சரிபார்க்க இதையே இப்போது பயன்படுத்தச் சொல்கிறேன்.

வர்க்கப்படுத்தும் முறை உண்மையில் கைகொடுப்பது இருபுறமும் மட்டுக்குறி இருக்கும்போதுதான். அங்கே இரு பக்கங்களும் இயல்பாகவே குறை எண் ஆகாதவை. எந்த நிபந்தனையும் கேட்க வேண்டியதில்லை. |2x − 1| < |x + 4| என்பதை எடுத்துக்கொள்ளலாம். வகைபிரித்தால் மூன்று பகுதிகள் வரும். வர்க்கப்படுத்தினால் ஒரே வரி. விரித்து எழுதாமல், a² − b² வடிவிலேயே விட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

```
(2x − 1)² − (x + 4)² < 0
(x − 5)(3x + 3) < 0
−1 < x < 5
```

விரிக்காமல் விடுவதன் அருமை, மட்டுக்குறிக்குள் இருபடிக் கோவை வரும்போது தெரியும். |x² − 4| ≤ |x − 2| என்பதை விரித்தால் நான்காம்படிக் கோவை வந்து மாணவர்கள் திகைப்பார்கள். விரிக்காவிட்டால் (x² − x − 2)(x² + x − 6) ≤ 0, அதாவது (x − 2)²(x + 1)(x + 3) ≤ 0. இங்கே இன்னொரு நுட்பமான இழப்பு காத்திருக்கிறது. (x − 2)² குறை எண் ஆகாது என்பதால் அதைத் தள்ளிவிட்டு −3 ≤ x ≤ −1 என்று முடிப்பவர்கள் பலர். இருபுறமும் |x − 2| ஐ அடித்துவிட்டு |x + 2| ≤ 1 என்று எழுதுபவர்களும் அதே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். ஆனால் x = 2 எனில் இருபுறமும் பூச்சியம்; 0 ≤ 0 உண்மை. ஆகவே விடை [−3, −1] என்ற இடைவெளியும், அதிலிருந்து விலகித் தனியே நிற்கும் 2 என்ற புள்ளியும் சேர்ந்தது. எண்கோட்டில் அந்த ஒற்றைப் புள்ளியைக் கெட்டியாக ஒரு வட்டமாக வைக்கச் சொல்வேன். இதுவும் தீர்வு தொலையும் வகைப் பிழைதான். விடைக்குள் இருக்கும் எண்களைப் பிரதியிட்டு இதையும் கண்டுபிடிக்க முடியாது.

மட்டு மதிப்புகளின் கூடுதல் வரும் கணக்குகளில் நான் வர்க்கத்தைத் தொடுவதே இல்லை. |x − 1| + |x + 2| < 5 என்பதை வர்க்கப்படுத்துவது பாதுகாப்பானதுதான், ஆனால் 2|x − 1||x + 2| என்ற உறுப்பு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வதால் மட்டுக்குறி போகாது. அங்கே எண்கோட்டைத்தான் வரைகிறேன். 1 க்கும் −2 க்கும் இடையே தூரம் 3. x அவற்றுக்கிடையே இருக்கும்வரை தூரங்களின் கூடுதல் 3 ஆகவே இருக்கும். வெளியே ஓர் அலகு நகர்ந்தால் கூடுதல் இரண்டு கூடி 5 ஆகிவிடும். ஆகவே இருபுறமும் ஓர் அலகு வரை போகலாம், எல்லையைத் தொடக் கூடாது: −3 < x < 2.