ஓர் எழுத்துக்கு 14 மாதம்

தபாலில் வந்த அந்தக் கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்ததுமே எழுதியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பணியமைப்புப் பிரிவில் சேர்ந்த புதிதில் பழைய கோப்புகளைப் புரட்டித்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன். அவற்றில் பாதிக் குறிப்புகள் எனக்கு முன்பு அந்தப் பிரிவில் இருந்த அவர் எழுதியவை. 'ழ'வின் வாலை அடுத்த எழுத்தின் அடிவரை இழுத்துவிடுவார். ஆனால் கடிதத்தில் எங்குமே அவர் பெயர் இல்லை. எங்கள் அலுவலகத்தில் காவலராக இருந்து பணிக்காலத்திலேயே இறந்தவரின் மனைவி கீழே கையொப்பமிட்டிருந்தார்.

அந்தக் கோப்பு 14 மாதமாக என் மேசையில்தான் கிடந்தது. குடும்ப ஓய்வூதியக் கருத்துருவைக் கணக்கு அலுவலகம் ஒரே ஒரு கேள்வியோடு திருப்பியிருந்தது. வாரிசு நியமனத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் வேறுபடுகின்றன என்பதுதான் கேள்வி. நியமனத்தில் 'ச', அட்டையில் 'ஜ'. அட்டையைத் திருத்திக் கொண்டுவரும்படி நான் அந்த அம்மாவுக்கு எழுதினேன். அவரும் அலைந்து திரிந்து திருத்தி வாங்கி வந்தார். இப்போது அட்டையும் நியமனமும் பொருந்தின, ஆனால் 'ஜ' போட்ட வாரிசுச் சான்றும் வங்கிக் கணக்கும் அவற்றோடு பொருந்தவில்லை. கோப்பு மறுபடியும் திரும்பி வந்தது.

அதன்பின் அவர் கொடுத்த மூன்று மனுக்களும் "கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு" என்று முடிந்தன. ஆவன எது என்று அவற்றில் இல்லை, எனக்கும் தெரியவில்லை. மூன்றிலும் 'கோப்பில் சேர்க்க' என்று எழுதி உள்ளே வைத்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நான்காவதாக வந்தது இந்தக் கடிதம், ஒன்றரைப் பக்கம். 'பொருள்' ஒரே வரி. 'பார்வை'யில் எங்கள் கோப்பு எண்ணும், கணக்கு அலுவலகத்தின் இரண்டு கடிதங்களும், நான் அனுப்பிய கடிதமும் தேதி வரிசையில் இருந்தன. முதல் பத்தி நடந்ததை மட்டும் சொன்னது. தாமதம் யாரால் என்று ஒரு சொல்கூட இல்லை. இரண்டாம் பத்தியில்தான் விஷயம் இருந்தது. கணக்கு அலுவலகம் வேறுபாட்டைச் சுட்டியதே தவிர, அட்டையைத் திருத்தச் சொல்லவில்லை. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அலுவலகத் தலைவர் சான்றளித்தால் போதும். அதற்கு ஆதாரம் அலுவலகத்திலேயே இருக்கிறது. காவலர் தம் கைப்பட நிரப்பிக் கொடுத்த குடும்ப விவரப் படிவம் பணிப்பதிவேட்டில் ஒட்டப்பட்டுள்ளது, அதில் மனைவியின் பெயர் 'ஜ' போட்டே எழுதப்பட்டிருக்கிறது.

பணிப்பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். வாரிசு நியமனப் பக்கத்தோடு நான் நின்றுவிட்டிருந்தேன். எட்டுப் பக்கம் தள்ளி, ஓரம் மஞ்சளேறி அந்தப் படிவம் இருந்தது. மேலே அந்நாளைய அலுவலரின் மேலொப்பமும் இருந்தது. அதை ஒட்டியவர் இந்தக் கடிதத்தை எழுதியவரேதான்.

கடிதத்தின் கடைசிப் பத்தி வேண்டியதை இரண்டாகப் பிரித்துக் கேட்டது. மேற்படி படிவத்தின் அடிப்படையில் சான்று வழங்கிக் கருத்துருவை மீண்டும் அனுப்ப வேண்டும், அது இயலாதெனில் எந்த ஆவணம் குறைகிறது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்த இரண்டாவது வேண்டுகோள்தான் என்னை அசைத்தது. 'கோப்பில் சேர்க்க' என்று எழுத இனி இடமே இல்லை. ஒன்று செய்ய வேண்டும், அல்லது ஏன் செய்யவில்லை என்று கையொப்பமிட்டுச் சொல்ல வேண்டும். அன்று மாலையே குறிப்பு வைத்தேன். அவருடைய பத்திகள் இருந்த வரிசையிலேயே என் குறிப்பும் அமைந்தது. கண்காணிப்பாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் மேலே அனுப்பினார், மூன்றாம் நாள் சான்று கையொப்பமானது.

பிறகு ஒருநாள் கடிதத்தை எழுதியவரைப் பார்த்தபோது, மேலதிகாரிக்கு ஏன் நகல் போடவில்லை என்று கேட்டேன்.

"நகல் போட்டா அங்கிருந்து அறிக்கை கேட்பாங்கப்பா. நீ கோப்பை விட்டுட்டு அறிக்கை எழுத உட்காருவே. அதுல ரெண்டு மாசம் போயிடும்" என்றார்.

அந்த அம்மா பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்த காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆனதாம். நான்கு முறை வரைவு எழுதினாராம். மூன்றாவது வரைவில் என்னைக் குறை சொல்லும் வரி ஒன்று இருந்ததாம், அதை அடித்துவிட்டதாகச் சொன்னார். அது என்ன வரி என்று நான் கேட்கவில்லை.

ஓய்வூதிய ஆணை வந்த அன்று அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"ஆணை வந்துடுச்சு சார்."

"சந்தோஷம்ப்பா. அந்த அம்மாவுக்கு நகல் போயிடுச்சா? அனுப்புகை எண் என்ன?"

எண்ணைச் சொன்னேன். எழுதிக்கொண்டு, சரிதானா என்று ஒருமுறை திரும்பப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தார்.