புது ஓஎன்டி மாட்டியதும் சிவப்பு விளக்கு: ஃபைபரில் குறை இல்லை, எண்ணில்தான்

வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டியான பழைய ஓஎன்டி செத்துப்போய், அதே இடத்தில் அதே ஒயரில் இன்னொன்றை மாட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தால் கஸ்டமர் கேரில் கிடைக்கும் முதல் பதில், 'ஃபைபர் கட் ஆகியிருக்கும் சார், டிக்கெட் போடுறேன்.' பழைய பெட்டி ஓடிக்கொண்டிருந்த லைன் பெட்டியை மாற்றும் நேரத்தில் அறுவது அபூர்வம். ஆள் ஏணியோடு கம்பம் ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டியது எண்.

ஜிபான் லைனில் ஒரே ஃபைபரை ஸ்ப்ளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. எல்லார் வீட்டுக்கும் ஒரே ஒளிதான் வருகிறது. அதனால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் தலைமைக் கருவியான ஓஎல்டி ஒவ்வொரு பெட்டியையும் அதன் சீரியல் எண்ணை வைத்துத்தான் அடையாளம் காணும். சில நிறுவனங்கள் அதோடு ஒரு பாஸ்வேர்டையோ 'லோயிட்' என்ற குறியீட்டையோ சேர்த்துக் கேட்கும். நம் கணக்கு பழைய பெட்டியின் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். புதுப் பெட்டி 'நான் இன்னார்' என்று சொல்லும்போது பட்டியலில் அந்தப் பெயர் இல்லையென்றால், ஓஎல்டி அதை உள்ளே விடாது.

விளக்கை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. சில மாடல்களில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பு என்றால் ஒளியே வரவில்லை என்றுதான் பொருள். பதிவாகாத பெட்டியில் சிவப்பு அணைந்திருக்க, பான் விளக்கு பச்சையில் வேகமாகத் துடிக்கும். வேறு சில மாடல்கள் ஒளி இல்லாததற்கும் பதிவாகாததற்கும் ஒரே சிவப்பு அலாரத்தைக் காட்டும். குழப்பம் இங்கேதான்.

பிரித்துப் பார்க்க ஒரு லேப்டாப்பும் லேன் ஒயரும் போதும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1, ஹுவாவெய் பெட்டியில் 192.168.100.1) பிரவுசரில் திறந்து, ஆப்டிகல் பக்கத்தில் இரண்டு விவரங்களைப் பாருங்கள். ஒன்று, `RX Optical Power`. அது -15 முதல் -25 dBm-க்குள் இருந்தால் ஒளி நன்றாக வருகிறது. -27-ஐத் தாண்டி இறங்கினாலோ, எண்ணே வராமல் கோடு போட்டிருந்தாலோ அது உண்மையான லைன் பிரச்சினை. கனெக்டரில் தூசு, மடங்கிய பேட்ச் கார்டு, அல்லது பச்சை முனை உள்ள கார்டை நீல வாய் உள்ள பெட்டியில் செருகியது. பெட்டி மாறும்போது இந்தக் கடைசித் தவறு அடிக்கடி நடக்கும்.

இரண்டாவது, பதிவு நிலை. O1 என்றால் ஒளி தெரியவில்லை. O5 என்றால் லைன் ஏறிவிட்டது. ஒளி நன்றாக இருந்தும் O2, O3 என்று திரும்பத் திரும்ப மாறினால் ஓஎல்டி சீரியலை ஏற்கவில்லை. O5 வரை போய், சில நொடிகளில் கீழே விழுந்து மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் சீரியல் சரி, பாஸ்வேர்டு தப்பு. பாஸ்வேர்டை ஓஎல்டி லைன் ஏறிய பிறகுதான் கேட்கும். ஆகவே பச்சை ஒரு கணம் நின்று எரிந்துவிட்டுப் போவதைக் கண்டால் சீரியலைத் துழாவிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரு வீட்டு லைனில் பார்த்ததைச் சொல்கிறேன் (கீழே உள்ள எண்கள் மாற்றப்பட்டவை). ஒளி -21.4, நிலை O3-க்கு மேல் போகவில்லை. 'சீரியல் அப்டேட் பண்ணியாச்சு' என்று நிறுவனத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். லைன்மேன் பெட்டியின் அடியை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பியிருந்தார். அந்த ஸ்டிக்கரில் மூன்று எண்கள்: தயாரிப்பு எண், மேக் முகவரி, ஜிபான் சீரியல். பதிவுக்கு வேண்டியது மூன்றாவது மட்டும். அதைத்தான் எடுத்திருந்தார்கள், ஆனால் HWTC1A2B80C4 என்பதை HWTC1A2BB0C4 என்று அடித்திருந்தார்கள். மங்கலான படத்தில் 8 B ஆகிவிட்டது.

இந்த எண்ணின் அமைப்பு தெரிந்தால் பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம். முதல் நான்கு எழுத்து தயாரிப்பாளர்: HWTC என்றால் ஹுவாவெய், ZTEG என்றால் இசட்டிஇ. பின்னால் வரும் எட்டும் ஹெக்ஸ் இலக்கங்கள், அதாவது 0 முதல் 9, A முதல் F வரை மட்டும். அந்த எட்டில் O, I, S என்று யாராவது படித்தால் அது 0, 1, 5 தான். 8-B குழப்பத்தை மட்டும் இந்த விதி தீர்க்காது. அதனால் ஸ்டிக்கரை நம்பாமல், பிரவுசரில் திறந்த பெட்டியின் பக்கத்திலேயே தெரியும் சீரியலைக் காப்பி செய்து எழுத்தாக அனுப்புங்கள். பழுது பார்த்துத் திரும்பி வந்த பெட்டிகளில் ஸ்டிக்கரும் உள்ளே இருக்கும் எண்ணும் வேறாக இருப்பதும் உண்டு. சில ஓஎல்டிகள் முதல் நான்கு எழுத்தையும் ஹெக்ஸாகவே கேட்கும். HWTC அப்போது 48575443 ஆகும்.

ஓஎல்டி பக்கம் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. ஹுவாவெய் ஓஎல்டியில், பான் போர்ட் 3, ஓஎன்டி ஐடி 12 என்று வைத்துக்கொண்டால்:

```
display ont autofind all
interface gpon 0/1
ont modify 3 12 sn 485754431A2B80C4
display ont info 3 12
```

முதல் கட்டளையின் பட்டியலில் நம் எண் வந்திருந்தால் அங்கிருந்தே எடுத்து ஒட்டலாம், யாரும் எதையும் கண்ணால் படிக்க வேண்டியதில்லை. பழைய பதிவை அழித்துப் புதிதாகச் சேர்ப்பதைவிட எண்ணை மட்டும் மாற்றுவது நல்லது. அழித்தால் விலான் முதலிய சர்வீஸ் அமைப்புகளையும் மறுபடி கட்ட வேண்டிவரும், அதில் ஒன்று விட்டுப்போகும். 'SN already exists' என்று வந்தால் அந்தப் பெட்டி முன்பு இருந்த வீட்டின் பெயரில் இன்னும் பதிவாகியே இருக்கிறது. அங்கே நீக்காமல் இங்கே ஏறாது.

பாஸ்வேர்டு கேட்கும் நிறுவனம் என்றால் அதை ஓஎன்டியின் பிரவுசர் பக்கத்தில் நாம்தான் போட வேண்டும். ஜிபான் பாஸ்வேர்டு 10 எழுத்து, ஹெக்ஸில் எழுதினால் 20 இலக்கம். எழுத்தாகக் கொடுத்ததை ஹெக்ஸ் கட்டத்தில் போட்டுவிட்டு 'ஏறலையே' என்று தவிப்பவர்கள் நிறைய. இன்னொன்று, 'ரீசெட் பட்டனை அழுத்துங்க' என்று யார் சொன்னாலும் இந்த நிலையில் அழுத்தாதீர்கள். ரீசெட்டில் சீரியல் மாறாது. போட்டு வைத்த பாஸ்வேர்டும் இன்டர்நெட் லாகினுக்கான பிபிபிஓஇ பெயரும்தான் போகும்.

கேபிள்காரர்கள் தரும் 'எக்ஸ்பான்' பெட்டி ஜிபான், ஈபான் என்ற இரண்டு முறையிலும் ஓடும். அவர்களின் லைன் ஈபான் ஆக இருந்தால் ஓஎல்டி பார்ப்பது மேக் முகவரியை. அங்கே ஜிபான் சீரியலை எத்தனை முறை சரியாகக் கொடுத்தாலும் பயனில்லை. எண் அனுப்பும் முன் எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எண் திருத்தியதும் பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டால் பான் விளக்கு சில நிமிடங்களுக்குள் நின்று எரிய வேண்டும். பான் பச்சையாகியும் இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பாக இருந்தால் சீரியல் கதை முடிந்தது. ஓஎல்டியில் `Match state` எதிரே `mismatch` இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழையது நான்கு லேன் போர்ட், புதியது ஒன்று என்றால் சர்வீஸ் புரொஃபைல் பொருந்தாமல் இப்படி வரும். அதுவும் சரியென்றால் மிச்சம் இருப்பது நம் பக்கத்து விலான் எண்ணும் பிபிபிஓஇ பாஸ்வேர்டும்.