வினைமுற்று வரும்வரை

சுவாமிமலையில் ஒரு வார்ப்புப் பட்டறைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதும், சிலை வாங்க வரும் வெளிநாட்டாருக்கும் ஸ்தபதிக்கும் நடுவில் நின்று பேசுவதும் என் வேலை. மெழுகு, குங்கிலியம், வண்டல் மண் என்று தொழில் சார்ந்த சொற்கள் தொல்லை தருவதில்லை. ஒருமுறை விளக்கிவிட்டால் தீர்ந்தது. ஸ்தபதியின் பணிவை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. தயவுசெய்து, மன்னிக்கவும், நன்றி என்ற மூன்றும் அவர் வாயில் வருவதே இல்லை. ஆனாலும் அவரைவிட மரியாதையாகப் பேசுபவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

"முன்பணத்தைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிக் கொடுங்களேன்" என்பார். 'கொடு' என்ற துணைவினை இது எனக்குச் செய்யும் உதவி என்கிறது. 'ங்கள்' என்ற விகுதி மரியாதை. கடைசி 'ஏன்' கட்டளையின் கூர்மையை மழுக்கி, முடிவைக் கேட்பவர் கையில் விடுகிறது. பள்ளியில் ஆங்கிலம் படித்த யாரும் இதை "ப்ளீஸ் சென்ட் தி அட்வான்ஸ்" என்று எழுதிவிடுவார்கள். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் ப்ளீஸ் சேர்ந்தாலும் ஏவல் ஏவல்தான். தாமதித்த கடன்காரருக்கு எழுதியதுபோல் தொனிக்கும். நம் 'ஏன்' செய்வதை ஆங்கிலத்தில் செய்வது 'குட் யூ', 'வுட் இட் பி பாசிபிள்' போன்ற கேள்வி வடிவங்கள். அவர்களும் பணிவை வினையில்தான் வைக்கிறார்கள். ப்ளீஸ் மேலே தூவுவது. அதனால் 'கொடுங்கள்' என்றால் ப்ளீஸ், 'கொடுங்களேன்' என்றால் கேள்வி என்று எனக்கு நானே ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்.

நேரில் பேசும்போது இன்னொரு சங்கடம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. பணிவும் அதன் வாலில் ஒட்டிக்கொண்டு கடைசியில்தான் வருகிறது. ஆங்கிலத்திலோ 'குட் யூ' வாசலிலேயே நிற்க வேண்டும். "அந்த ஓரமாக, உலைக்குத் தள்ளி..." என்று ஸ்தபதி தொடங்கியதுமே மொழிபெயர்க்கப் புகுந்தால், வாக்கியம் 'நில்' என்று முடியுமா, 'நிற்கலாமே' என்று முடியுமா என்பது தெரியாது. அதனால் வினைமுற்று வரும்வரை நான் வாய் திறப்பதில்லை. (உலோகம் ஊற்றும் நேரம் மட்டும் விலக்கு. அப்போது "ஸ்டேண்ட் பேக்" போதும், பணிவு பிறகு.)

வருத்தம் தெரிவிப்பது இதைவிடக் கடினம். ஒருமுறை ஒரு நடராஜர் வார்ப்பில் தூக்கிய கை வரை உலோகம் ஓடவில்லை. மண் அச்சை உடைத்த பிறகுதான் தெரிந்தது. மெழுகு ஏற்கெனவே உருகிப் போயிருக்கும், அச்சும் போயிற்று. ஆகவே முதலிலிருந்து மெழுகில் உருவம் பிடிக்க வேண்டும். ஸ்தபதி சொன்னார்: "கை நிறையாமல் போய்விட்டது, தம்பி. ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்களேன்." 'போய்விட்டது' என்பதில் அவருடைய வருத்தம் முழுவதும் இருக்கிறது. வேண்டாதது நடந்தது, கைமீறியது, நெஞ்சு வலிக்கிறது எல்லாம் அந்த இரண்டு துணைவினைகளில் அடக்கம். "தி ஹேண்ட் டிட் நாட் ஃபில்" என்று எழுதினால் அத்தனையும் உதிர்ந்துவிடும். அதோடு வினையைச் செய்தவரே இல்லாத வாக்கியம் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகப் படும்.

ஆகவே கடிதத்தின் முதல் வரியிலேயே "வி ஆர் வெரி சாரி" வந்தது. அதற்கு நேராகத் தாமதத்தை மட்டும் வைத்தேன். உலோகம் ஓடாதது யார் குற்றமும் அல்ல; அதற்கு "அன்ஃபார்ச்சுனேட்லி" போதும், அதுதான் நம் 'போய்விட்டது'. பிறகு புதிய தேதி. பொறுத்துக்கொள்ளச் சொன்னதை "தேங்க் யூ ஃபார் யுவர் பேஷன்ஸ்" ஆக்க எனக்கு மனமில்லை. வாடிக்கையாளர் இன்னும் பொறுக்கவே சம்மதிக்கவில்லையே! "வுட் யூ பி வில்லிங் டு வெய்ட்" என்று எழுதினேன். காத்திருப்பதாகப் பதில் வந்தது.

எதிர்த்திசையிலும் இதே கவனம் வேண்டும். அச்சு மண் காயும் இடத்தில் ஓர் அம்மையார் கால் இடறி "சாரி, சாரி" என்றார். "மன்னிக்கவும் என்கிறார்" என்று சொல்லியிருந்தால் ஸ்தபதி பதறியிருப்பார். அந்தச் சொல்லுக்கு இங்கே அவ்வளவு கனம். "தெரியாமல் கால் பட்டுவிட்டதாம்" என்றேன். "அதனாலென்ன" என்று சிரித்தார்.

காபிக்கும் நாற்காலிக்கும் சொல்லப்படும் தேங்க் யூக்களை நான் மொழிபெயர்ப்பதே இல்லை, முகத்திலேயே தெரிந்துவிடுகிறது. விடைபெறும்போது ஸ்தபதி "இவ்வளவு தூரம் வந்தீர்களே" என்பார். அது செய்தி அல்ல, நன்றி. அந்த 'ஏ'காரத்துக்காக மட்டும் "தேங்க் யூ ஃபார் கமிங் ஆல் திஸ் வே" என்று ஒரு முழு வாக்கியம் செலவாகிறது.