சிங்க்கிலிருந்து புண்ணுக்கா, புண்ணிலிருந்து சிங்க்குக்கா?

தீக்காய வார்டில் கட்டு மாற்றும் அறையின் சிங்க்கை மூடச் சொன்னது நான்தான். அப்போது வார்டு சிஸ்டர் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. “மேடம், கிருமி சிங்க்கிலிருந்து புண்ணுக்கு வந்ததா, புண்ணிலிருந்து சிங்க்குக்குப் போனதா?”

கிருமியை வளர்த்துப் பார்க்கும் இரண்டு கல்ச்சர் தட்டுகளை அவரிடம் காட்டியிருந்தேன். ஒன்று நோயாளியின் தொடைப் புண்ணிலிருந்து எடுத்தது, மற்றது சிங்க் ஓட்டையிலிருந்து. இரண்டிலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. அதே பச்சை, மூடியைத் திறந்தால் அதே திராட்சை வாடை. மெரோபெனம், அமிகாசின் எதற்கும் அடங்கவில்லை, கொலிஸ்டின் மட்டும் மிச்சம். ஆனால் மருந்துப் பட்டியல் ஒத்துப்போனதால் இரண்டும் ஒரே கிருமி என்று ஆகிவிடாது. அதற்கு மரபணுவை ஒப்பிட வேண்டும், எங்களிடம் அந்த வசதி இல்லை. ஒன்றேதான் என்று தெரிந்தாலும் எது முதலில் என்று தெரியாது. புண் கழுவிய தண்ணீரை அந்த சிங்க்கில்தானே ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“தினமும் ஹைப்போ ஊற்றுகிறோமே” என்றும் கேட்டார். உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஊற்றிய அந்தக் கிருமிநாசினி நிற்காமல் ஓடிவிடும். சிங்க்குக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் தண்ணீர் தேங்கியிருக்கும். அதன் சுவரில், தானே சுரந்த வழவழப்பான படலத்துக்குள் இந்தக் கிருமி ஒட்டிக்கிடக்கும். மேலே இருப்பது சாகும், அடியில் இருப்பது மறுபடி வளரும். இதன் வெளிச்சவ்வு மருந்தை எளிதில் உள்ளே விடாது, நுழைந்ததையும் வெளியே தள்ளிவிடும். பென்சால்கோனியம் கலந்த கிருமிநாசினிக்குள்ளேயே இது வளர்ந்ததுண்டு.

டொராண்டோவில் ஓர் ஐ.சி.யூ.வில் 2004 முதல் 2006 வரை 36 பேரிடம் இது பரவியது. சிங்க் ஓட்டையில் ஒளிரும் திரவத்தை ஊற்றிக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். ஒரு மீட்டருக்குக் குறையாத தூரம் தெறித்திருந்தது. ஓட்டைக்கு மருந்து ஊற்றியும் பரவல் நிற்கவில்லை, சிங்க்கையே மாற்றி அமைத்த பிறகுதான் நின்றது. எங்கள் சிங்க்குக்கும் கட்டுத்துணி விரிக்கும் மேசைக்கும் இடையில் ஒரு கை தூரம்தான். கருகிய தோலில் ரத்த ஓட்டம் கிடையாது, ஊசியில் போடும் மருந்து அங்கே போய்ச் சேராது. கெட்ட தோலை வெட்டி எடுக்கும் வரை தெறித்த ஒரு துளியே போதும். பிறகு எப்படி நான் சும்மா இருப்பது?

ஆனாலும் கை கழுவ இப்போது வராந்தாக் கோடி வரை போக வேண்டியிருக்கிறது. ரத்தமும் களிம்பும் படிந்த கைக்கு ஸ்பிரிட் ஹேண்ட்ரப் போதாது. கூட்டமான நேரத்தில் எல்லோரும் அவ்வளவு தூரம் நடப்பார்களா? சிங்க்கை மூடி, கைகளை இன்னும் ஆபத்தாக்கிவிட்டேனோ என்று தோன்றும். மூடியபின் அந்த அறையில் புதிதாக யாருக்கும் வரவில்லை. ஆனால் அந்த நோயாளியைத் தனி அறைக்கு மாற்றியதும் அதே சமயத்தில்தான்.

இப்போது சேரும் ஒவ்வொருவருக்கும் அன்றே புண்ணில் ஸ்வாப் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வரும்போதே கிருமி இருந்ததா என்றாவது தெரியும். சிஸ்டர் அதற்கு உடனே சரி என்றார். சிங்க்கை மூடியதற்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.